வரிசை எண் ஒன்று: பூனை

வேப்பம்பட்டு வீட்டை இடித்துக் கட்ட முடிவானபோது, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு தெருவில் வாடகைக்கு வீடு பிடித்தோம். அங்கே ஓர் இரும்பு உருட்டாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் நான். அந்தப் பக்கத்துத் தூசி எனக்குப் புதிதல்ல. என் மனைவிக்கும் பூனைக்கும்தான் புதிது.

சாமான்கள் இரண்டு நடையாக வந்தன. எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் போட்டிருந்தேன். வரிசை எண் ஒன்று, பூனை. முதல் நடையிலேயே கூண்டில் வந்து சேர்ந்தது. ‘நல்ல நிலையில் பெறப்பட்டது’ என்று எழுதி டிக் அடித்தேன். புது வீட்டுக்கு வரும் பூனையை இரண்டு வாரமாவது ஒரே அறையில் அடைத்து வைக்க வேண்டும் என்று மனைவி படித்திருந்தாள். அதற்குப் படுக்கையறையை ஒதுக்கி, கதவைச் சாத்தி, ‘திறக்காதீர்கள்’ என்று காகிதமும் ஒட்டினாள். அந்த வீட்டில் எழுத்தில் இருப்பதை மதிக்கிற ஒரே ஆள் நான் என்பதால், அது யாருக்கான அறிவிப்பு என்பதில் சந்தேகமே இல்லை.

இரண்டாவது நடை ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. பட்டியலில் வரிசை எண் நாற்பத்தொன்று, மர அலமாரி. இடம் என்ற பத்தியில் ‘படுக்கையறை’ என்று என் கையெழுத்து. மனைவி அடுப்பங்கரையில் இருந்தாள். சுமை தூக்குகிறவர்கள் அலமாரியைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கதவில் ஒட்டிய காகிதத்தையும் கையில் இருந்த பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். பட்டியலில் என் கையெழுத்து இருந்தது. கதவைத் திறந்தேன்.

சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று என் காலை உரசிக்கொண்டு, அலமாரிக்கு அடியில் புகுந்து, திறந்திருந்த பின்வாசல் வழியாகப் போனது. நான் பார்த்தது அவ்வளவுதான்.

மனைவி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மூன்று வருடமாக அவள் தலையணையில் பாதியைப் பிடித்துக்கொண்டு தூங்குகிற பிராணி அது. அந்தத் தலையணையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு சொன்னாள்: “பூனை வராம நான் வேப்பம்பட்டுக்குத் திரும்ப மாட்டேன். வீடு கட்டி முடிச்சாலும் சரி, நீங்க போய் இருந்துக்கோங்க.”

அவள் சொன்னால் செய்வாள். எனக்கு அது முப்பத்தாறு வருட அனுபவம்.

பூனையின் மேல் இரண்டு அடையாளங்கள் இருந்தன. ஒன்று கழுத்துப் பட்டை. அதில் எங்கள் தொலைபேசி எண் பொறித்த சின்னத் தகடு. அந்தப் பட்டை கொஞ்சம் பலமாக இழுத்தால் தானாகக் கழன்றுகொள்ளும். வாங்கி வந்த அன்று இரண்டு விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, “இதை என் மேஜைக்குக் கொண்டுவந்திருந்தா ரிஜெக்ட் பண்ணியிருப்பேன்” என்றேன். “கம்பியிலயோ கிளையிலயோ மாட்டினா கழுத்து இறுகாம இருக்கணும்ல. கழண்டா பட்டை போகும், கழலலைன்னா பூனை போகும்” என்றாள் அவள். முப்பது வருடம் ‘எதுவும் கழலக்கூடாது’ என்பதற்காகவே சம்பளம் வாங்கியவனுக்கு அது எளிதில் ஏறவில்லை.

இரண்டாவது, மைக்ரோசிப். ஆறு மாதத்துக்கு முன் திருவள்ளூரில் ஒரு தனியார் கால்நடை மருத்துவர், கருத்தடை செய்த கையோடு, தோள்களுக்கு நடுவே தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்தியது. அரிசி அளவுதான் இருக்கும். அதற்குள் ஒரு பதினைந்து இலக்க எண். அந்த எண் அச்சடித்த ஸ்டிக்கரைத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டிக் கொடுத்துவிட்டு, “பதிவு நீங்கதான் பண்ணணும் சார். எண்ணை நான் போட்டுட்டேன். அது யாரோடதுன்னு சிப்புக்குத் தெரியாது” என்றார் மருத்துவர்.

பதிவுப் படிவத்தில் முகவரி கேட்டிருந்தார்கள். வேப்பம்பட்டு வீடு இடிபடப் போகிறது, அந்த முகவரி பொய்யாகிவிடும். வாடகை வீடு தற்காலிகம், ஆதாரில் இல்லை. இடைப்பட்ட காலத்தில் எந்த முகவரியைக் கொடுத்தாலும் ஏதோ ஒரு தேதியில் அது தவறான தகவல். ஆகவே படிவத்தை ஒரு கோப்பில் வைத்து, மேலே ‘முகவரிச் சான்று நிலுவை’ என்று எழுதி மூடினேன். படிவத்தில் யாரும் சான்று கேட்கவே இல்லை என்பதை, பூனை ஓடிய அன்று மத்தியானம்தான் கவனித்தேன். பதிவு செய்ய ஐந்து நிமிடம் ஆனது. ஆறு மாதம் நான் காப்பாற்றி வைத்திருந்தது அந்த ஐந்து நிமிடத்தைத்தான்.

அந்தத் தெரு முழுவதும் ஆலோசகர்கள். எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலை. அதன் வாசல் காவலர் எனக்குப் பழைய முகம். அவர் முதலில் சொன்னது: “அதான் சிப்பு கீதே சார். போன்ல பாரு, எங்க குந்திக்கினு கீதுன்னு காட்டும்.”

“காட்டாதுப்பா. அதுல பேட்டரியும் இல்லை, சிக்னலும் இல்லை. ரீடரைக் கிட்ட வச்சா நம்பரைச் சொல்லும், அவ்வளவுதான். பூனை முதல்ல கையில இருக்கணும்.”

“கைல கீற பூனைக்கு எதுக்கு சார் நம்பரு?”

அந்தக் கேள்வியைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

எதிர்வீட்டு அம்மாள், பூனை ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு வேப்பம்பட்டுக்கே நடந்து போயிருக்கும் என்றாள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அந்தப் பாதையில் பேசின் பிரிட்ஜில் வண்டி மாறவேண்டும் என்பதை மட்டும் சொன்னேன். மனைவி இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. பழைய பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு போன் செய்து, கண்ணில் பட்டால் சொல்லும்படி கேட்டுக்கொண்டு, அந்த வேலையை அத்தோடு முடித்தாள்.

“வீட்டுக்குள்ளயே வளர்ந்தது. பயந்து ஓடியிருக்கு. பத்து வீட்டுக்குள்ளதான் எங்கயாவது பதுங்கியிருக்கும். கூப்பிட்டாலும் குரல் கொடுக்காது. நாமதான் குனிஞ்சு பார்க்கணும்.”

குனிந்தோம். ஒவ்வொரு வீட்டிலும் “பார்த்தீங்களா?” என்று கேட்டு நிறுத்திக்கொள்ளாமல், “நாங்களே ஒரு தடவை பார்த்துக்கட்டுமா?” என்று கேட்டாள். மோட்டார் அறை, மாடிப்படிக்கு அடி, காருக்கு அடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். அறுபத்திரண்டு வயதில் நான் மண்ணில் முகம் வைத்துப் படுத்து, ஓர் அந்நியரின் ஸ்கூட்டருக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டுக்காரர் என் மனைவியிடம், “சாருக்கு இன்னா ஆச்சு?” என்று கவலையோடு விசாரித்தார்.

அறிவிப்பு ஒன்றை நான் தயாரித்தேன். ஊரார் கண்ணில் படும்படி ஒட்டுவதற்கு. பொருள், பார்வை, அடையாளக் குறிகள் ஆறு, தொடர்பு கொள்ள வேண்டிய நேரம் எல்லாம் இருந்தன. மனைவி வாங்கிப் படித்தாள்.

“இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள பூனை வயசாகிச் செத்துடும். ஏங்க, இது மெமோ. சைக்கிள்ல போறவன் நிக்காம படிக்கணும்.”

பாதித் தாளுக்குப் படம். மேலே ‘பூனை காணவில்லை’. கீழே தொலைபேசி எண். இவ்வளவுதான் மிஞ்சியது. தொழிற்பேட்டையில் தங்கியிருப்பவர்களில் பாதிப்பேருக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பது எனக்கு நினைவு வந்தது. டீக்கடையில் நின்ற ஒரு வடநாட்டுத் தொழிலாளியிடம் கேட்டு இந்தியிலும் ஒரு வரி எழுதி வாங்கினேன். என் பங்களிப்பாக அது மட்டும் அங்கீகரிக்கப்பட்டது. சிப் எண்ணை அறிவிப்பில் போடவில்லை. அதை வைத்திருப்பது நாங்கள் மட்டும்தான் என்று இருந்தால்தானே அது சாட்சி? அதைத் தனியாக எழுதி, சுற்றுவட்டாரத்துக் கால்நடை மருத்துவர்கள் எல்லோருக்கும் படத்தோடு அனுப்பினேன்.

திங்கட்கிழமை காலை போன் வந்தது. வாசல் காவலர்.

“சார், கெடச்சிருச்சு!”

“பூனையா?”

“பூன இல்ல சார். அதோட பெல்ட்டு. சொவத்து மேல முள்கம்பில தொங்கிக்கினு இருந்துச்சு. தகட்டுல உங்க நம்பரு. அதான் அடிச்சேன்.”

ஓடினோம். பட்டையின் கொக்கி திறந்து, கம்பியில் சிக்கி, அப்படியே தொங்கியது. அறுந்திருக்கவில்லை. கழன்றிருந்தது. கம்பியில் ரத்தமும் இல்லை, ரோமம் மட்டும் கொஞ்சம். மனைவி பட்டையைக் கையில் வாங்கி என்னைப் பார்த்தாள். ரிஜெக்ட் என்ற சொல்லை நானே என் மனதில் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

ஒரு விஷயம் தெளிவானது. பூனை சுவர் ஏறி அந்தத் தொழிற்சாலைக்குள் குதித்திருக்கிறது. இனி அதன் கழுத்தில் ஒன்றுமில்லை. பார்க்கிற எவருக்கும் அது ஒரு தெருப் பூனை. தோலுக்கு அடியில் இருக்கிற எண் ஒன்றுதான் மிச்சம்.

உள்ளே போக அனுமதி வாங்குவது எனக்குத் தெரிந்த கலை. யாரிடம் கேட்டால் யோசிப்பார்கள், யாரிடம் கேட்டால் கையெழுத்துப் போடுவார்கள் என்பதெல்லாம் எந்த ஆலையிலும் ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை விடியற்காலை, ஷிப்ட் மாறுவதற்கு முன், லாரிகள் அசையாத நேரமாகப் பார்த்து, ஹெல்மெட்டும் பாதுகாப்புக் காலணியும் போட்டுக்கொண்டு இருவரும் நுழைந்தோம். சரக்கு ஏற்றும் மரத் தட்டுகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்த களம் அது. டார்ச்சைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து இடுக்குகளில் அடித்தால் பூனையின் கண் பளிச்சிடும் என்று மனைவி சொன்னாள். பளிச்சிட்டன. பெருச்சாளிகளின் கண்கள்.

ஓர் இடுக்கில் தலையணை உறையை வைத்தோம். துவைக்காதது. பக்கத்தில் தண்ணீரும் கொஞ்சம் கருவாடும். மறுநாள் கருவாடு இல்லை. தின்றது யார் என்று உறுதிசெய்ய முடியாத எந்த ஆய்வையும் நான் பதிவு செய்வதில்லை. மனைவி பதிவு செய்தாள். முகத்தில்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மறுபடியும் காவலர். “சார், கேன்டீன் அக்கா ஒரு பூனயப் புடிச்சு ரூம்ல வச்சிக்கினு கீது. படத்துல கீற மாதிரியேதான் கீது. ஆனா அது அதோட பூனைன்னுது. நீங்களே வந்து பேசிக்கோங்க. என்ன இதுல இழுக்காதீங்க.”

கேன்டீனை நடத்துகிற பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சரக்கறைக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். நாங்கள் வாய் திறக்குமுன், “இன்னா, பூனைக்கா வந்தீங்க?” என்றாள்.

அவள் கதை இது. அந்தக் கேன்டீனில் இரண்டு வருடமாக ஒரு சாம்பல் பூனை. குட்டியாகச் சோற்றுப் பானைக்குள் விழுந்ததை எடுத்து வளர்த்தாள். அதற்கும் கருத்தடை ஆகியிருந்தது, ஒரு மேலாளர் தன் செலவில் செய்ததாம். போன சனிக்கிழமையிலிருந்து அதைக் காணவில்லை. புதன்கிழமை மாலை மரத் தட்டுகளுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்த்தது. கருவாட்டைக் காட்டிப் பிடித்துவிட்டாள்.

“நாய் தொர்த்திருக்கும்மா. அதான் இப்படி மெலிஞ்சு, பயந்து கீது.”

கதவைக் கொஞ்சமாகத் திறந்து காட்டினாள். அரிசி மூட்டைக்குப் பின்னால் சாம்பல் வரிகள், வெள்ளைக் கால்கள். மனைவி தரையில் உட்கார்ந்து, வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பூனை காதை மடக்கிச் சீறியது.

“பாத்தியாம்மா. உங்குளுதா இருந்தா வந்திருக்கும்ல?”

“உங்களுதா இருந்தா உங்ககிட்ட வந்திருக்கும்ல?” என்றாள் மனைவி. தரையிலிருந்து எழவில்லை. பயந்த பூனைக்கு எஜமானியைத் தெரியாது என்று அவளே என்னிடம் சொல்லியிருந்தாள். சொல்வது ஒன்று, அது முகத்துக்கு நேராகச் சீறுவது வேறு.

படங்களை எடுத்தேன். கேன்டீன் பெண்ணும் தன் போனை எடுத்தாள். அவள் படத்திலும் சாம்பல் வரிகள், வெள்ளைக் கால்கள். இரண்டு படங்களையும் காவலரிடம் நீட்டினோம். “ரெண்டும் ஒரே பூனதான் சார்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடிவிட்டார்.

அப்போதுதான் காவலர் அன்று கேட்டதற்குப் பதில் கிடைத்தது. கையில் இருக்கிற பூனைக்குத்தான் எண் வேண்டும்.

சிப்பைப் பற்றிச் சொன்னேன். அவள் சரக்கறைக் கதவைச் சாத்தினாள். “நம்பரு வந்துச்சின்னா எட்த்துக்கினு போங்க. வர்லன்னா இனிமே இந்தப் பக்கம் வரக்கூடாது. சரியா?”

“சரி” என்றாள் மனைவி, என்னைக் கேட்காமல்.

அரசு கால்நடை மருந்தகத்தில் ரீடர் இல்லை. பொன்னேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தது. ஆட்டோவில் மூன்று பேர், நடுவே எங்கள் கம்பிக் கூண்டு. வழி நெடுக யாரும் பேசவில்லை, பூனையைத் தவிர.

மருத்துவர் ஓர் அறுவை சிகிச்சையில் இருந்தார். உதவியாளர் ரீடரைக் கொண்டுவந்தார். கூண்டின் கம்பிகளுக்கு வெளியிலிருந்தே பூனையின் பிடரிக்கு நேராக ஒரு வீச்சு, மறுபடி ஒரு வீச்சு.

“சிப்பு இல்லிங்க.”

கேன்டீன் பெண் மூச்சை விட்டாள். “இன்னா சார், நம்பரு வர்லியே.” குரலில் வெற்றி இல்லை. நிம்மதி இருந்தது. கூண்டின் கைப்பிடியைப் பிடித்தாள்.

மனைவியின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குத் தைரியம் உண்டு. ஓர் அளவுகோல் ‘இல்லை’ என்று சொன்னால், அளந்த முறையைப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

“தம்பி, அந்த ரீடர் வேலை செய்யுதா? சிப் உள்ள வேற பிராணி இருக்கா?”

உள்ளே ஒரு நாய் இருந்தது. அதற்கு வைத்ததும் ரீடர் ஒலித்தது.

“நல்லது. இப்ப பூனையைக் கூண்டை விட்டு வெளியே எடுங்க. கம்பி பக்கத்துல இருந்தா சரியா படிக்காது. இந்த எவர்சில்வர் மேஜையும் வேண்டாம்.”

“சார், பிராண்டிடும்.”

“பிராண்டட்டும்” என்று மனைவி கையை நீட்டினாள். துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். கேன்டீன் பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்து பின்னங்கால்களைப் பிடித்துக்கொண்டாள்.

“மெதுவா தம்பி. ரோமத்தை ஒட்டியே. சிப் போட்ட இடத்துலயே இருக்கணும்னு இல்லை, நகரும். முதுகு ஆச்சா? இப்ப வலது தோள். கீழே, முழங்கை வரைக்கும். இப்ப இடது.”

உதவியாளர் என்னைப் பார்த்த பார்வையை வேலை நாட்களில் பல மேற்பார்வையாளர்களிடம் பார்த்திருக்கிறேன். பழகிவிட்டது.

இடது தோளுக்குக் கீழே, முன்னங்காலுக்கு மேலே, ரீடர் ஒலித்தது.

தடுப்பூசிப் புத்தகத்தை வெளியே எடுத்தேன். திரையை நான் படிப்பது சரியாக இருக்காது, நான் ஒரு தரப்பு. “நீங்களே படிங்கம்மா” என்று ரீடரைக் கேன்டீன் பெண்ணிடம் நீட்டச் சொன்னேன். அவள் ஒவ்வோர் இலக்கமாகப் படித்தாள். நான் ஸ்டிக்கரில் ஒவ்வொன்றாக விரல் வைத்துக்கொண்டே வந்தேன். ஏழாவது இலக்கத்தில் என் முகத்தைப் பார்த்தாள். பத்தாவதில் அவள் குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. கடைசி இலக்கம் வரை படித்தாள்.

“அதேதானா?”

“அதேதான்.”

மனைவி துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கேன்டீன் பெண் பின்னங்கால்களிலிருந்து கையை எடுத்தாள். சேலையில் ஒட்டிய ரோமத்தைத் தட்டினாள்.

“அப்ப என்னுது எங்க?”

நாங்கள் மூன்று பேரும் அதை அதுவரை யோசிக்கவே இல்லை. தன் பூனை கிடைத்துவிட்டது என்று நினைத்த நிமிடத்தில் அவள் தேடுவதை விட்டிருந்தாள்.

மனைவிதான் முதலில் எழுந்தாள். “சனிக்கிழமையிலிருந்தா? இன்னைக்கு ஆறாவது நாள். ஏங்க, ஆட்டோவைக் கூப்பிடுங்க.”

பூனையை வீட்டில் விட்டு, படுக்கையறையைப் பூட்டி, சாவியை மனைவி தன்னிடம் வைத்துக்கொண்டாள். பிறகு நேராகத் தொழிற்சாலைக்குப் போனோம். எங்கள் பூனை புது இடத்தில் பயந்து பதுங்கியது. அந்தப் பூனைக்கு அதுதான் சொந்த இடம், மூலை முடுக்கெல்லாம் தெரியும். அப்படிப்பட்டது சோற்று நேரத்துக்கு வரவில்லை என்றால், வர முடியாத இடத்தில் இருக்கிறது. எதற்குள்ளோ போயிருக்கிறது, யாரோ கதவைச் சாத்தியிருக்கிறார்கள். கதவைத் திறந்தவனுக்கு, சாத்தியவனைப் பற்றி யோசிப்பது சிரமமில்லை.

“சாவிப் பதிவேட்டைக் கொடுப்பா” என்றேன் காவலரிடம்.

“இன்னாத்துக்கு சார்?”

“சனிக்கிழமை எந்தக் கொட்டகைச் சாவி வெளியே போய், மறுபடி உள்ளே வந்திருக்கு? அதுக்கப்புறம் போகவே இல்லை? அதைப் பார்க்கணும்.”

அவர் முகம் தெளிந்தது. முப்பது வருடத்தில் யாரும் அந்தப் பதிவேட்டை எதற்காகவாவது படித்ததாக அவருக்கு நினைவில்லையாம். சனிக்கிழமைப் பக்கத்தில் ஒன்பது சாவிகள். ஏழு அடுத்தடுத்த நாட்களிலும் போய் வந்திருந்தன. ஒன்று ஜெனரேட்டர் அறை. கம்பிக் கதவு, இடைவெளியில் பூனை வெளியே வந்துவிடும். மிச்சம் ஒன்று: பழைய உதிரிப்பாகக் கிடங்கு.

கிடங்குப் பொறுப்பாளர் கையெழுத்து இல்லாமல் சாவி தர முடியாது என்றார் காவலர். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விதியைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. “பொறுப்பாளர் அரக்கோணத்துல கீறாரு சார், சாயங்காலம்தான்…” என்று அவர் இழுக்க, கேன்டீன் பெண், “நாளைக்கு உனக்குச் சோறு யாரு போடுவா?” என்று மட்டும் கேட்டாள். சாவி வந்தது. பதிவேட்டில் என் பெயரில் கையெழுத்துப் போட்டேன். அதிகாரம் இல்லாத இடத்தில் நான் போட்ட ஒரே கையெழுத்து அது.

கதவு திறந்ததும் அவள் எங்களை வெளியிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போனாள். மேலே எங்கோ குழாய் ஒழுகிச் சொட்டும் சத்தம் கேட்டது. தண்ணீர் இருக்கிறது, ஆறு நாள் தாங்கியிருக்கும் என்று நான் மனைவியிடம் சொல்ல வாயெடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

இரும்பு ராக்குகளுக்கு நடுவே கேன்டீன் பெண்ணின் காலடி நகர்ந்து, நின்றது. அப்புறம் மெலிதாக ஒரு ‘மியாவ்’.

“ஏன்டா கஸ்மாலம்,” என்றது அவள் குரல், உள்ளேயிருந்து, பாதி அழுகையில். “இங்கியா குந்திக்கினு கீற? ஊரெல்லாம் தேடிக்கினு கீறோம், நீ இங்க குந்திக்கினு கீற?”